கனவில் வந்த கரப்பான்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

கனவில் பாம்பு வந்தால் எங்கள் தென்னேரியில் ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். கரப்பான் வந்தது என்றால் எவரும் பலன் சொல்வதில்லை. "சீ, காலையிலேயே அதை ஏன் சொல்கிறாய்?" என்று முகத்தைச் சுளிப்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த முகச் சுளிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பாம்புக் கனவு கண்டவன் நெஞ்சு படபடக்க எழுவான். விளக்கைப் போட்டுப் பார்த்து, பாம்பு இல்லை என்று கண்டதும் அமைதியடைவான். கரப்பானோ, எட்டுக்கால் பூச்சியோ, கூட்டம் கூட்டமாய் ஊரும் எறும்போ கனவில் வந்தவன் விளக்கைப் போட்டபின்னும் கையைத் துடைத்துக் கொண்டிருப்பான். முன்னது அச்சம், பின்னது அருவருப்பு. ஆபத்து விலகினால் அச்சம் விலகும். அருவருப்புக்கு ஆபத்து வேண்டியதில்லை. பட்டுவிட்டது என்ற எண்ணமே போதும்.

அமெரிக்க உளவியலார் பால் ரோசினும் அவருடைய துணையாளர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்கு விளக்குகிறது. கல்லூரி மாணவர்களின் முன்னே, கிருமி நீக்கப்பட்ட செத்த கரப்பான் ஒன்றைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்தார்கள். அதில் கிருமி இல்லை என்பதை மாணவர்கள் அறிவார்கள். அப்படியிருந்தும் அந்தச் சாற்றின் மேலிருந்த விருப்பம் அவர்களுக்கு அடியோடு குறைந்துபோயிற்று. ஒருமுறை தொட்டது என்றும் தொட்டதாகவே இருக்கிறது என்று மனம் கணக்கிடுகிறது. அறிவு சொல்லும் சமாதானம் அந்தக் கணக்கைத் தீர்ப்பதில்லை. கனவு கலைந்த பின்னும் கை கூசுவதற்குக் காரணம் இதுவே எனலாம்.

ஆனால் இந்த அருவருப்பு பூச்சியின் உடம்பில் இருப்பதன்று. முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலைப் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து தின்றவர் என் பாட்டி. அவருக்கும் கரப்பானைக் கண்டால் குமட்டல்தான். எந்தப் பூச்சி அசுத்தம் என்பதை வீடும் ஊரும் மொழியும் சேர்ந்தே நமக்குக் கற்பிக்கின்றன.

மொழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் கரப்பான் என்பது பூச்சிக்கும் பெயர். தோலில் வரும் சொறிப்புண்ணுக்கும் பெயர். சிலந்தி என்பது எட்டுக்கால் பூச்சி மட்டுமன்று, கட்டியையும் புண்ணையும் குறிக்கும். நரம்புச் சிலந்தி என்பதோ கால் கொப்புளத்தின் வழியே வெளிவரும் ஒரு நீண்ட புழு. குளத்து நீரில் வாழும் நுண்ணிய சைக்ளாப்ஸ் உயிரியோடு அதன் இளம்புழு மனிதன் வயிற்றுக்குள் போகும். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996-இல். நோய் போய்விட்டது, சொல் இருக்கிறது. தமிழ் பேசுகிறவன் கனவில் கரப்பானும் சிலந்தியும் வரும்போது, அவற்றோடு தோலின் நோயும் சேர்ந்து வருவதற்கு மொழியிலேயே வழி திறந்திருக்கிறது.

கனவு சொல்லைக் கொண்டு விளையாடும் என்று சொன்னவர் சிக்மண்டு பிராய்டு. 1900 என்ற ஆண்டிட்டு வெளிவந்த தம் கனவு நூலில் ஒரு பெண்மணியின் வண்டுக் கனவை அவர் ஆராய்கிறார். பெட்டியில் இரண்டு வண்டுகள். திறந்துவிடாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். திறக்கிறாள். ஒன்று பறந்துபோகிறது, மற்றொன்று சன்னலை மூடும்போது கதவிடையில் நசுங்குகிறது. அருவருப்போடு கனவு முடிகிறது. முந்திய மாலை அவள் மகள், தண்ணீர்க் குவளையில் விழுந்த ஒரு பூச்சியைக் காட்டியிருந்தாள். அதை எடுத்துவிட அவள் மறந்துபோனாள். பிராய்டு அதிலிருந்து மேலே சென்று சொன்ன பொருள்கள் அனைத்தையும் இன்றைய உளவியலார் ஒப்புவதில்லை. எனக்கும் அவை அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அவர் எங்கே தொடங்கினார் என்பது பயனுள்ளது. முதல் நாள் எஞ்சிய சிறு நிகழ்ச்சியைத் தேடு. பிறகு கனவில் இருந்த உணர்ச்சியைப் பார். இரண்டும் பொருந்துமிடம் எது என்று கேள்.

இம்முறையை என் கனவிலேயே வைத்துப் பார்த்தேன்.

வகுப்பில் சோற்று டப்பாவைத் திறக்கிறேன். சோற்றுக்கு அடியிலிருந்து சின்னச் சின்னக் கரப்பான்கள் கிளம்பி என் கைமேல் ஏறுகின்றன. மற்றவர் எவரும் காணவில்லை. அவசரமாக மூடுகிறேன். மூடிக்குள் அவை அசைவது விரலுக்குத் தெரிகிறது. விழித்து, இருட்டிலேயே கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுநாள் அந்த டப்பாவில் சாப்பிட மனம் வரவில்லை.

முதலில் உடம்பைத்தான் சோதிக்க வேண்டும். 1958-இல் டிமெண்ட், வோல்பர்ட் என்னும் இருவர், கனவு நிலையில் உறங்குவோர் மேல் குளிர்ந்த நீரைத் தெளித்து எழுப்பினர். பத்தில் ஏறத்தாழ நான்கு கனவுகளில் அந்த நீர் புகுந்திருந்தது. ஆகவே மூட்டைப்பூச்சியும் வியர்க்குருவும் கூடப் பூச்சிக் கனவை உண்டாக்கக் கூடும். பாயை உதறினேன், தோலைப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

பிறகு முதல் நாளை எழுதினேன். மாலையில் நெல் மூட்டையை நகர்த்தியபோது ஒரு கரப்பான் என் காலின்மேல் ஓடியது. கனவுக்கு இதுவே காரணம் என்று முடித்திருக்கலாம். ஆனால் காலின்மேல் ஓடியது டப்பாவுக்குள் ஏன் போயிற்று? அது ஒன்றுதானே ஓடியது, கனவில் கூட்டம் ஏன்? எல்லாவற்றையும் விட, கனவில் எனக்கிருந்த பெரிய கவலை கரப்பான் அன்று. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதே.

அந்த வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது மதியம் நினைவுக்கு வந்தது. அன்று அம்மா கொடுத்தனுப்பியது கருவாட்டுக் குழம்பு. திறந்ததும் பக்கத்திலிருந்த நண்பர் மூக்கைப் பொத்திச் சிரித்து, இடம் மாறி உட்கார்ந்தார். நானும் கூடவே சிரித்தேன். பாதிச் சோற்றோடு மூடி வைத்தேன். வீட்டில், பசியில்லை என்று சொன்னேன்.

கருவாடு எங்கள் வீட்டில் கரப்பான் பண்டம். சிறு வயதில் எனக்குக் காலெல்லாம் சொறி கண்டபோது, "கரப்பான் பண்டம், தொடாதே" என்று அம்மா என் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்து வைப்பார். பகலில் கருவாடாக இருந்தது இரவில் கரப்பானாக வந்ததற்கு இந்தச் சொல் பாலமாக இருந்திருக்கலாம். இது நிரூபணம் அன்று. ஒருவன் கனவை வைத்து மற்றொருவன் கனவுக்குப் பொருள் சொல்லவும் முடியாது. ஆனால் நெல் மூட்டையை நினைத்தபோது என்னுள் எதுவும் அசையவில்லை. மூடிய டப்பாவை நினைத்தபோது முகம் சூடாயிற்று. கனவிலிருந்த அதே சூடு. அசுத்தம் என்று நான் கழுவியது கரப்பானை அன்று, என் வீட்டுச் சோற்றை.

இத்தகைய கனவு அடிக்கடி வந்து உறக்கத்தைக் கெடுத்தால், அதை எழுதி, முடிவை மட்டும் நம் விருப்பப்படி மாற்றி, பகலில் விழித்திருக்கும்போது சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு. கொடுங்கனவு காண்போரிடம் இது பலனளித்ததை அமெரிக்க மருத்துவர் பாரி கிராக்கோவின் குழு 2001-இல் வெளியிட்டது. விழித்திருக்கும்போதே தோலில் பூச்சி ஊர்வதாக நாள்தோறும் தோன்றினால் அது வேறு. காய்ச்சலோ, மருந்தோ, குடியை நிறுத்தியதோ, மன நோயோ காரணமாகலாம். அதற்கு மருத்துவரிடமே போக வேண்டும்.

நான் முடிவை மாற்றி எழுதியதில், டப்பாவை மூடவில்லை. கரப்பான்கள் பாட்டுக்கு மேசையை விட்டு இறங்கிப் போயின. நான்கு இரவுகள் கழித்துக் கனவு மறுபடி வந்தது. மூடி பாதி திறந்திருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை அம்மாவிடம் கருவாட்டுக் குழம்பு கேட்டேன். "பசியில்லை என்றாயே, பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்" என்றார்.