கடைசி இரண்டு வாரம்: ஓட்டத்துக்கும் உண்டு ஒரு ‘டேப்பர்’!



மெக்கானிக்கல்காரர்களுக்கு ‘டேப்பர் டர்னிங்’ தெரியாமல் இருக்காது. லேத்தில் கம்பியை மாட்டி, ஒரு முனை தடிமனாகவும் மறு முனை மெலிதாகவும் படிப்படியாகக் கடைந்து எடுப்போமே, அதுதான். ஓட்டக்காரர்களுக்கும் அதே பெயரில் ஒரு வேலை இருக்கிறது என்பதை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலாம் ஆண்டில் மண்டலப் போட்டியில் 5000 மீட்டருக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் விழுந்து விழுந்து படிக்கிற பழக்கம் நமக்கு உண்டல்லவா? ஓட்டத்திலும் அதையே செய்தேன். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் கடைசி வாரம் 60 ஓடினேன். போதாததற்குப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் 5000 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்த்தேன். 18 நிமிடம் 20 வினாடி! ஹாஸ்டலே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

போட்டியன்று எட்டு சுற்று வரை இரண்டாவது இடத்தில் இருந்தேன். அப்புறம் தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. 19 நிமிடம் 5 வினாடியில் ஆறாவதாக வந்தேன். என்னைப் பார்க்கவென்றே பஸ் பிடித்து வந்திருந்த நண்பர்கள் ஒன்றும் பேசவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மட்டும் தோளில் கை போட்டுச் சொன்னார்: “நீ போட்டியை முந்தாநாளே ஓடி முடிச்சுட்டியேடா தம்பி!”

ஏன் குறைக்க வேண்டும்?

அவர் எனக்கு விளக்கியதை நம் ஹைட்ராலிக்ஸ் லேப் பாஷையில் சொல்கிறேன். உங்கள் உடம்பில் இரண்டு தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் திறன், மற்றதில் களைப்பு. ஒவ்வொரு நாள் ஓடும்போதும் இரண்டிலும் தண்ணீர் ஏறுகிறது. ஆனால் திறன் தொட்டியின் அடியில் சின்ன ஓட்டை, களைப்புத் தொட்டியில் பெரிய ஓட்டை. பயிற்சியைக் குறைத்தால் களைப்பு சீக்கிரம் வடிந்துவிடும். திறன் மெதுவாகத்தான் வடியும். போட்டியன்று நாம் ஓடுவது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டுதான். நான் கடைசி வாரத்தில் செய்தது என்ன? களைப்புத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு போய் நின்றேன். அந்த வாரம் ஓடிய ஓட்டத்தின் பலன் உடம்பில் சேரவே இன்னும் சில நாள் ஆகும். ஆகவே களைப்பு மட்டும்தான் லாபம்!

அப்படியானால் இரண்டு வாரமும் போர்த்திக்கொண்டு தூங்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. 1992-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நடுத்தூர ஓட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் முழு ஓய்வு, ஒரு வாரம் மெதுவான ஓட்டம், ஒரு வாரம் தூரம் மிகக் குறைவு ஆனால் வேகம் அதிகம் என்று மூன்று விதமாகக் குறைக்க வைத்து, பிறகு வேகமாக எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முழு ஓய்வில் முன்னேற்றமே இல்லை. மெதுவான ஓட்டத்தில் 6 சதவீதம். வேகமான குறுகிய ஓட்டத்தில் 22 சதவீதம்! அந்த முறையில் ரத்தத்தின் சிவப்பணு அளவு கூடியிருந்தது. தசையில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பும் ஏறியிருந்தது. 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இதையே உறுதி செய்தது: சுமார் இரண்டு வாரம், மொத்த தூரத்தில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்திலும் வாரத்தில் ஓடும் நாட்களிலும் கைவைக்கக் கூடாது.

சுருக்கமாக: குறைய வேண்டியது தூரம், வேகம் அல்ல.

எப்படிக் குறைப்பது?

இந்த வருடம் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இலக்கு 18 நிமிடம். பன்னிரண்டரை சுற்றில் ஒரு சுற்றுக்கு 86 வினாடிக்குக் கொஞ்சம் மேல் வரும். வழக்கமான வாரத்தில் ஆறு நாள், 50 கிலோமீட்டர். ஞாயிறு 12 கிலோமீட்டர் நீள ஓட்டம். செவ்வாய் 400 மீட்டரை 86 வினாடியில் பத்து தடவை, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. வியாழன் சற்று வேகமான தொடர் ஓட்டம். மற்ற நாட்களில் மெதுவாக. சனிக்கிழமை ஓய்வு.

போட்டி இரண்டாவது வாரச் சனிக்கிழமை. முதல் வாரம் 33 கிலோமீட்டராகக் குறைத்தேன். ஞாயிறு 12-க்குப் பதில் 8. செவ்வாய் 400 மீட்டர் ஆறு தடவை மட்டும், ஆனால் அதே 86 வினாடி. வியாழன் 3 கிலோமீட்டர் வேகம், முன்னும் பின்னும் மெது ஓட்டம். மற்ற நாட்கள் 3 முதல் 5 கிலோமீட்டர்.

இரண்டாவது வாரம் போட்டியைச் சேர்க்காமல் மொத்தமே 18. ஞாயிறு 5, திங்கள் 3. செவ்வாய் 400 மீட்டர் நாலே நாலு. புதன் 3, வியாழன் முழு ஓய்வு. வெள்ளி 2 கிலோமீட்டர் மெதுவாக ஓடி, நூறு நூறு மீட்டராக நாலு தடவை காலை வீசி ஓடினேன். அவ்வளவுதான்.

எங்கே தப்பு நடக்கும்?

முதல் தப்பு, பயம். குறைக்க ஆரம்பித்த நாலைந்து நாளில் எனக்குக் கால் கனத்தது. எடையும் சுமார் ஒரு கிலோ ஏறியது. ‘போச்சுடா, உடம்பு விட்டுடுச்சு’ என்று பதறினேன். விஷயம் இதுதான்: ஒரு கிராம் கிளைகோஜன் சேரும்போது ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்குகிறது. அது கொழுப்பு அல்ல, ஓட்டத்துக்கான எரிபொருள். இதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் வந்த லாபம் போச்சு.

இரண்டாவது, மிச்சமான நேரம். மாலையில் சும்மா இருக்க முடியாமல் வாலிபால் கோர்ட்டுக்குப் போவோம், கணுக்கால் பிசகும். மூன்றாவது, செவ்வாய்க்கிழமை வேகம். கால் லேசானதும் 86 வினாடிச் சுற்றை 80-இல் ஓட ஆசை வரும். அது போட்டிக்கு வைத்திருக்கிற பணத்தை முன்கூட்டியே செலவழிப்பது.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். அது வழக்கமான அளவில் இருக்க வேண்டும், ஏறக் கூடாது. அதைவிட நல்ல அடையாளம், கடைசிச் செவ்வாயில் அதே 86 வினாடிச் சுற்று, ‘இன்னும் ரெண்டு ஓடலாமே’ என்று தோன்ற வேண்டும். தோன்றினாலும் ஓடாதீர்கள்!

ஒரு எச்சரிக்கை: வாரம் 15 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு இரண்டு வாரம் தேவையில்லை, வடிய வேண்டிய களைப்பே அவரிடம் குறைவு. நாலைந்து நாள் போதும். நிரப்பாத தொட்டியிலிருந்து எதுவும் கிடைக்காது.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு சோதனை ஓட்டத்தில் என் நேரம் 18 நிமிடம் 25 வினாடி. போட்டியில் 18 நிமிடம் 2 வினாடி, இரண்டாவது இடம். பக்கத்தில் ஆள் ஓடும்போது வருகிற வேகமும் அதில் சேர்ந்திருக்கும்; எல்லாப் புகழையும் டேப்பருக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் எட்டாவது சுற்று முடிந்தபோது கால் எனக்குச் சொந்தமாகவே இருந்தது. அந்த இரண்டு வினாடியை அடுத்து வரும் தம்பிகள் யாராவது எடுத்துவிடுங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை