நெடுஞ்சாலையோர வெட்டுச்சரிவு: மதிப்பீட்டுச் சுருக்கம் எழுதும் முறை

பூச்சோங்கில் எல்டிபி நெடுஞ்சாலைக்காகக் குன்றை வெட்டிய இடங்களில், மேலே வீடுகளும் கீழே வாகனங்களுமாக இருக்கும். அத்தகைய சரிவுக்கான மதிப்பீட்டுச் சுருக்கம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எது நழுவும், எப்போது நழுவும், எதைச் செய்தால் நிற்கும்.

1. மண்ணா, பாறையா?

2003 நவம்பர் 26 அன்று புக்கிட் லஞ்சானில் என்கேவிஇ நெடுஞ்சாலையோரக் கருங்கல் சரிவு உடைந்தது. ஏறத்தாழ 35,000 கன மீட்டர் பாறை சாலையில் விழுந்ததால் அந்தப் பகுதி சுமார் ஆறு மாதம் மூடிக்கிடந்தது. மறு ஆண்டே ஜேகேஆர் சரிவுப் பொறியியலுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. புக்கிட் லஞ்சானில் ஆபத்து பாறைப் பிளவுகளில் இருந்தது. மண்ணுக்குரிய கணக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பூச்சோங் குன்றுகளில் பரவலாக இருப்பது கென்னி ஹில் பாறைத்தொகுதி. அதன் மணற்கல்லும் களிக்கல்லும் சிதைந்து மண்ணாகிவிட்டாலும் பழைய பிளவுகள் உள்ளே அப்படியே இருக்கும். அவை சாலைப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று வெட்டுமுகத்தில் பார்த்து, சாய்வைக் கோணமானியால் அளந்து குறியுங்கள்.

2. மழைக்குப் பின் நடந்து பாருங்கள்

உச்சியில் வளைந்தோடும் விரிசல், படிக்கட்டுத் தளங்களில் உடைந்த வடிகால், அடியில் புடைப்பு, கலங்கிய நீர்க்கசிவு ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். மழையில்லாத நாளிலும் கசிவு தொடர்ந்தால், மேலே உள்ள வீடுகளின் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. துளையிட்டு நீர்மட்டத்தை அளவிடுங்கள்

ஆழ்துளை மாதிரிகளிலிருந்து மண்ணின் ஒட்டுதல், உராய்வுக் கோணம் இரண்டும் கிடைக்கும். நீர்மட்டக் குழாயில் அவற்றைவிட அதிகக் கவனம் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாள் காலை அளந்தால் உச்ச மட்டம் தெரியாது. எனவே தானியங்கிப் பதிவுக் கருவி பொருத்துங்கள்.

4. கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டுச் சரிவைக் கொள்வோம். உயரம் 12 மீட்டர். ஒன்றரை மீட்டர் கிடைக்கு ஒரு மீட்டர் ஏற்றம். மேல்மண் 2 மீட்டர் ஆழத்தில் சரிவுக்கு இணையாக நழுவக்கூடும். மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், ஒட்டுதல் 8 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 31 பாகை. தாங்கும் விசையை நழுவச் செய்யும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி வரும்.

- நழுவு தளத்துக்கு மேல் நீர் இல்லாதபோது: 1.36
- நீர் 1 மீட்டர் ஆழம்வரை ஏறினால்: 1.12
- நீர் தரைமட்டத்தைத் தொட்டால்: 0.89

ஜேகேஆர் வழிகாட்டுதல் வலுவூட்டாத வெட்டுச்சரிவுக்கு 1.3 கேட்கிறது, ஆணியிட்ட சரிவுக்கு 1.5. வறண்ட நாளில் தேறும் இந்தச் சரிவு, மண் முழுக்க நனைந்தால் நழுவிவிடும்.

இந்தச் சூத்திரம் ஆழமில்லாத நழுவலுக்கு மட்டுமே பொருந்தும். ஆழமான வட்ட நழுவலை பிஷப் முறை அல்லது அதற்கான மென்பொருளால் தனியே சோதித்து, இரண்டில் குறைந்த எண்ணைச் சுருக்கத்தில் கொடுங்கள்.

5. தீர்வுகளை ஒப்பிடுங்கள்

*வடிகால் மட்டும்.* உடைந்த வடிகால்களைச் சீரமைத்து, துளையிட்ட பிவிசி குழாய்களை உட்புறம் சற்று உயரும்படி செருகி உள்நீரை இறக்கலாம். இதுவே மலிவு. ஆனால் மேலுள்ள கணக்கில் 1.3 கிடைக்க, நீர்மட்டம் 1.75 மீட்டர் ஆழத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். நழுவு தளத்துக்கு மேல் கால் மீட்டர்தான் இடைவெளி. சில குழாய்கள் அடைத்துக்கொண்டாலே காரணி 1.3க்குக் கீழே போய்விடும்.

*சாய்வைக் குறைத்து, வடிகாலும் போடுவது.* கிடையை 2 மீட்டராக்கினால், நீர் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போதும் காரணி 1.42. நீர் தரையைத் தொட்டால் மட்டும் 1.11க்கு இறங்கும். இதற்கு உச்சியில் கூடுதலாக 6 மீட்டர் நிலம் வேண்டும்.

*மண் ஆணியும் வடிகாலும்.* உச்சியில் வீடுகள் நெருங்கியிருந்தால் இதுதான் வழி. கம்பிகளைத் துளையில் செருகி, சிமெண்டுக் கூழ் நிரப்பி, முகத்தில் கான்கிரீட் தெளிப்பார்கள். அந்தக் கான்கிரீட்டில் நீர்வெளியேற்றத் துளைகள் இல்லாவிட்டால் நீர் பின்னால் தேங்கி முகத்தையே தள்ளும். ஆணிகளை இழுவைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றும் சுருக்கத்தில் எழுதுங்கள்.

6. பரிந்துரை

நிலம் இருந்தால் இரண்டாவது தீர்வு, இல்லையேல் மூன்றாவது. வேலை தொடங்குமுன் நெடுஞ்சாலை நிறுவனத்தின் அனுமதியும் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் அனுமதியும் தேவை. அதுவரை உச்சி விரிசலை அடைத்து, வெட்டுமுகத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள்; நீர்மட்டம் 1.75 மீட்டர் ஆழத்தை எட்டினால் எச்சரிக்கை, 1 மீட்டரை எட்டினால் ஓரத் தடத்தை மூடுவது என்று யார் முடிவெடுப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.