இரண்டாம் மொழி சிங்களம்: கேட்டல் திறன்
வாசித்தால் விளங்குகிறது, பேசினால் விளங்கவில்லை – ஏன்?



சிங்களப் பந்தியொன்றை வாசித்து வினாக்களுக்குச் சரியாக விடை எழுதும் மாணவர் பலர், பஸ் நிலையத்தில் ஒருவர் சிங்களத்தில் வழி கேட்டால் திகைத்து நிற்கின்றனர். சொல்வளம் குறைவு என்று எண்ணி மேலும் சொற்பட்டியல்களை மனனம் செய்கின்றனர். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. அவர் பேசியதை எழுதிக் காட்டினால் இதே மாணவர் உடனே பொருள் சொல்லிவிடுவார். காதுக்குத்தான் பயிற்சி தேவை.

இது பரீட்சையோடு முடியும் விடயம் அல்ல. 2007.07.01 இலிருந்து அரச சேவையில் சேர்வோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என 07/2007 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. வாய்மொழிப் பரீட்சையில் வினா காதுக்குள் போனால்தான் விடை வாயில் வரும்.

(குறிப்பு: சிங்கள உதாரணங்கள் இங்கே ஒலிக்குக் கிட்டியவாறு தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. உங்கள் கொப்பியில் அவற்றைச் சிங்கள எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் 4 ஆம் பகுதியில் உள்ளது.)

1. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்

தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஒருவர் யாழ்ப்பாணம் வந்தால் என்ன நடக்கும்? "போகவேண்டும்" என்பது அவருக்குத் தெரியும். "போகோணும்" என்பது தெரியாது. "போகிறதில்லை" தெரியும், "போறேல்லை" தெரியாது. சிங்களத்தில் நீங்கள் இப்போது அந்த ஆளின் நிலையில் இருக்கிறீர்கள்.

"நாங்கள் நாளை பாடசாலைக்குப் போவோம்" என்பதை எழுத்துச் சிங்களத்தில் "அபி ஹெட பாஸலட யன்னெமு" என எழுதலாம். பேச்சில் அது "அபி ஹெட இஸ்கோலெட யனவா" என்று வரும். "அவர் போனார்" என்பது எழுத்தில் "ஒஹு கியேய", பேச்சில் "எயா கியா".

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். நாம் "போறன்", "போறம்", "போறார்" என்று சொல்லும்போது, போவது யார் என்பதை வினைச்சொல்லின் முடிவே காட்டிவிடும். பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா", "அபி யனவா", "எயா யனவா" என வினைச்சொல் மாறாமல் நிற்கும். ஆகவே, யார் என்பதை அறிய வசனத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் வரும் மம, அபி, எயா என்பவற்றைப் பிடியுங்கள். அவை விடுபட்டிருந்தால், முன் வசனத்தில் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பதிலிருந்தே அறியவேண்டும்.

2. சொற்கள் ஒட்டுவதும் சுருங்குவதும்

விரைவாகப் பேசும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடும். நீங்கள் "புதிய சொல்" என நினைப்பது பலவேளைகளில் தெரிந்த இரண்டு சொற்களே.

"யன்ன ஓன" (போகவேண்டும்) என்பது "யன்னோன" ஆகும். நமது "போகோணும்" போன்றதே இது. "யன்ன எபா" (போகவேண்டாம்) என்பது "யன்னெபா" ஆகும். "யன்னே நெஹெ" (போவதில்லை) என்பது "யன்னெ நே" எனச் சுருங்கும். "கியலா" (என்று) விரைவுப் பேச்சில் "கிலா" போலக் கேட்கும். ஆங்கிலச் சொற்களின் பின்னால் வரும் "எக" என்பதும் இப்படியே ஒட்டிக்கொள்ளும்: "பஸ் எக" என்பது "பஸெக", "டிகட் எக" என்பது "டிகடெக". ஒரு சொல்லின் இறுதியில் "எக" ஒலித்தால், அதை வெட்டிவிட்டு முன்பகுதியைப் பாருங்கள். பஸ், ரிக்கற், போம் போன்ற தெரிந்த சொல் கிடைக்கும்.

"யன்னோன", "யன்னெபா" இரண்டிலும் முன்பகுதி ஒன்றே. கடைசி அசைதான் "போ" என்பதையும் "போகாதே" என்பதையும் பிரிக்கிறது. முதற் பகுதி விளங்கியதும் கவனத்தைத் தளர்த்துபவர் இங்கேதான் பிழைவிடுகிறார்.

3. "-ன்னே" கேட்டால் காதைத் தீட்டுங்கள்

"மம யாபனேட யனவா" என்றால் "நான் யாழ்ப்பாணத்துக்குப் போறன்". "மம யன்னே யாபனேட" என்றால் "நான் போறது யாழ்ப்பாணத்துக்கு". தமிழிலும் சிங்களத்திலும் அமைப்பு ஒன்றுதான். பேசுபவர் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல விரும்பினால், வினைச்சொல்லை "-ன்னே" என முடித்து, அந்தச் சொல்லைத் தனியே நிறுத்துவார். அது பெரும்பாலும் வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும்.

வினாவிலும் இவ்வாறே: "கொஹெத யன்னே?" (எங்கே போறது?), "கீயடத என்னே?" (எத்தனை மணிக்கு வாறது?). இவற்றில் "த" என்ற வினா ஒலி வினாச் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. "-ன்னே" காதில் விழுந்தால், அதற்கு முன் வினாச்சொல் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்களிடம் ஏதோ கேட்கிறார்கள். வராவிட்டால் அடுத்த சொல்லைத் தவறவிடாதீர்கள். முழு வசனத்திலும் முக்கியமானது அதுவே.

4. தமிழ் எழுத்து மறைக்கும் ஒலிகள்

"கன்ன" என்று கேட்டீர்கள். உண்ணவா, எடுக்கவா? சிங்களத்தில் இவை இரண்டு சொற்கள். "கல்" என்பதிலுள்ள "க" ஒலியோடு சொன்னால் உண்ண. "தங்கம்" என்பதிலுள்ள "க" ஒலியோடு சொன்னால் எடுக்க, வாங்க. "பத் கன்ன" என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் சோறு உண்ணவா, வாங்கவா என்பது உங்கள் கொப்பியிலேயே தொலைந்துவிடும். சிங்கள எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. கண் பிரித்துப் பார்த்தால் காதும் விரைவில் பிரித்துக் கேட்கும்.

"இல்லை" எனப் பொருள்படும் "நே" என்பதையும் கவனியுங்கள். அதன் ஒலி ஆ, ஏ இரண்டுக்கும் நடுவிலானது. வாயை ஆ என்று திறந்தபடி ஏ சொல்லிப் பாருங்கள். "அல்லவா" எனப் பொருள்படும் "நேத" என்பதிலோ சாதாரண ஏ ஒலியே வரும்.

5. ஓர் உதாரணம்

நயினாதீவு செல்லும் தென்பகுதி யாத்திரிகர், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸைத் தேடுகிறார் எனக் கொள்வோம். நயினாதீவை அவர்கள் நாகதீப என்பர். உங்கள் காதில் விழுவது:

"மல்லி, நாகதீபெட யன பஸெக தியென்னெ கொஹெத? அபி ஹவஸ துனட கலின் ஆபௌ என்னோன. போட்டுவட டிகடெக கன்னெ மெதனின் நெமே, நேத?"

முதல் வசனம்: "பஸெக" என்பதை வெட்டினால் பஸ் கிடைக்கும். "தியென்னே" என்பதில் "-ன்னே" உண்டு. முன்னே வினாச்சொல் இல்லை. ஆகவே அடுத்த சொல்லைப் பிடிக்கவேண்டும். அது "கொஹெத" (எங்கே). பொருள்: தம்பி, நாகதீபத்துக்குப் போற பஸ் இருக்கிறது எங்கே?

இரண்டாம் வசனம்: "அபி" என்பதால் தங்களைப் பற்றிப் பேசுகிறார். "ஆபௌ" என்பது "ஆபஹு" (திரும்ப) என்பதன் சுருக்கம். "என்னோன" என்பது "என்ன ஓன" (வரவேண்டும்). "துன" (மூன்று) என்பதை மட்டும் பிடித்தவர் "மூன்று மணிக்கு" என்று விளங்கிக்கொள்வார். "கலின்" என்பதையும் பிடித்தவருக்கே "மூன்று மணிக்கு முன்னம்" என்பது தெரியும். பொருள்: நாங்கள் பின்னேரம் மூன்று மணிக்கு முன்னம் திரும்பி வரவேணும்.

மூன்றாம் வசனம்: ரிக்கற்றை யாரும் உண்பதில்லை. ஆகவே "கன்னெ" என்பது எடுக்கிறது. மீண்டும் "-ன்னே", எனவே அடுத்து வரும் "மெதனின்" (இங்கேயிருந்து) முக்கியம். அதை "நெமே" மறுக்கிறது. இது "நெமெயி" என்பதன் சுருக்கம். பொருள்: படகுக்கு ரிக்கற் எடுக்கிறது இங்கே இல்லைத்தானே?

இதில் கடினமான சொல் எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள்.

6. பயிற்சி முறை

வேகம், பேச்சு வழக்கு ஆகிய இரண்டு தடைகளையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டாம். வானொலிச் சிங்களச் செய்தி பெரும்பாலும் எழுத்து வழக்கில் வாசிக்கப்படுகிறது. அதில் இலக்கணம் நீங்கள் அறிந்தது, வேகம் மட்டுமே புதிது. எனவே முதலில் செய்தியைக் கேளுங்கள். அது பிடிபட்டபின் நேர்காணல், நாடகம் என்பவற்றுக்குச் செல்லுங்கள். செய்தியோடு நின்றுவிட்டால் பஸ் நிலையப் பேச்சு விளங்காது.

தொலைபேசியில் 20 செக்கன் அளவான பேச்சைப் பதிவுசெய்யுங்கள்.

(அ) எழுதாமல் ஒருமுறை கேளுங்கள். யார், எங்கே, எதைப்பற்றி என்பது மட்டும் போதும்.
(ஆ) மீண்டும் கேட்டுச் சிங்களத்தில் எழுதுங்கள். பிடிபடாத இடத்தில் கோடிட்டு மேலே செல்லுங்கள். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அடுத்த ஐந்து சொற்களும் போய்விடும்.
(இ) சிங்களம் நன்கு தெரிந்தவரிடம் காட்டிக் கோடுகளை நிரப்புங்கள்.
(ஈ) ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் குறியுங்கள்: தெரியாத சொல்லா, சுருங்கிய சொல்லா, மாறிக் கேட்ட ஒலியா? தெரியாத சொல் அதிகமானால் சொற்களைப் படியுங்கள். மற்றவை அதிகமானால் சொற்பட்டியலை விட்டுக் கேட்டலுக்கு நேரம் கொடுங்கள்.
(உ) பதிவோடு சேர்ந்து அதே வேகத்தில் நீங்களும் சொல்லுங்கள். வாய் சுருக்கிச் சொன்னதைக் காது எளிதில் இனங்காணும்.

நேரில் பேசும்போது பிடிபடாவிட்டால் "டிகக் ஹெமின் கியன்ன" (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்) எனலாம். விடுபட்ட பகுதியை மட்டும் கேட்பது இன்னும் நன்று: "கீயடத கிவ்வே?" (எத்தனை மணிக்கு என்று சொன்னீர்கள்?). மற்றவை விளங்கின என்பது இதனால் கேட்பவருக்கும் தெரியும்.

7. பயிற்சி

பின்வருவனவற்றை ஒருவர் விரைவாக வாசிக்கக் கேட்டுப் பொருள் கூறுக.

1. மெதனின் யன்னெபா.
2. பஸெக என்னெ துனட நெமே, ஹதரட.
3. எயா ஹெட இஸ்கோலெட யன்னெ நே.

விடைகள்

1. இங்கேயிருந்து போகவேண்டாம். (யன்ன + எபா)
2. பஸ் வாறது மூன்று மணிக்கு அல்ல, நான்கு மணிக்கு. (முதலில் கேட்ட இலக்கத்தோடு நின்றவர் பிழைவிடுவார்.)
3. அவர் நாளைக்குப் பள்ளிக்கூடம் போறேல்லை. (யன்னே + நெஹெ)