செய்தி எவ்வழி வந்தது?

வணிகவியல் பயிலும் நம் மாணவர் பலர் செய்தித் தொடர்பு என்னும் பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்திருப்பர். ஆயினும் வினாத்தாளில் ஒரு தொழிலகத்தின் கதையைச் சொல்லி, "இங்கே நிகழ்ந்த தொடர்பு எவ்வகை? தடை யாது?" என்று கேட்டால் திகைத்து விடுகின்றனர். அத்தகைய கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம். கதை கற்பனையே, ஆனால் வினாக்களில் வருவது இவ்வாறுதான் இருக்கும்.

துறைமுகத்தருகே ஒரு சரக்குக் கிடங்கு. அங்கே பகல், இரவு என இரண்டு ஷிப்டு வேலை. ஒரு திங்கட்கிழமை காலை மானேஜர் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார். "அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் இரவு ஷிப்டு நிறுத்தப்படும்; அதிலுள்ளோர் மறுபணியமர்த்தப்படுவர்" என்பது அதன் பொருள். தொழிலாளரோ தமிழும் மலாயும் பேசுபவர். "நிறுத்தப்படும்" என்பதற்குரிய ஆங்கிலச் சொல் மட்டும் அவர்கட்குத் தெரிகிறது, மற்றது விளங்கவில்லை.

அன்று மாலை தேநீர்க் கடையில், ஆபீஸ் கிராணி இருவரிடம், "12 பேர் போகிறார்கள்" என்கிறார். கேட்டவருள் ஒருவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் லாரி ஓட்டுநர். அவர் தம் ஷிப்டில் நால்வரிடம் சொன்னார். அந்நால்வருள் ஒருவர் இன்னும் ஐவரிடம் சொன்னார். புதன்கிழமை மானேஜர் போர்மனை அழைத்து, "எல்லோர்க்கும் விளங்கிற்றா?" என்று கேட்டார். கலக்கம் இருப்பதைப் போர்மன் நன்கறிவார். ஆயினும் தம்மீது குறை வருமோ என்றஞ்சி, "விளங்கிற்று ஐயா, ஒரு தொல்லையும் இல்லை" என்றார். வெள்ளிக்கிழமை, பளுதூக்கி வண்டி ஓட்டுவதில் தேர்ந்த இருவர் வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டு விலகினர். உண்மையில் அந்த 12 பேரும் அதே கம்பெனியின் மற்றொரு கிடங்குக்கு, அதே சம்பளத்தில் மாற்றப்பட இருந்தனர்.

முதற்கேள்வி: நோட்டீஸ் எவ்வழித் தொடர்பு? முறைசார்ந்தது, மேலிருந்து கீழ் நோக்கியது, எழுத்து மூலமானது. இதில் பலரும் சரியாகவே எழுதுவர். ஆனால் எழுத்தில் இருப்பதால் முறைசார்ந்தது என்று காரணம் காட்டினால் அது பிழை. அதிகாரம் உடையவர், தம் பதவியின் பெயரால், அந்தக் கிடங்கின் படிநிலை வழியே அனுப்பியதால்தான் அது முறைசார்ந்தது. போர்மன் வாய்மொழியாக இடும் கட்டளையும் முறைசார்ந்ததே. இக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் இதுவே விதி. மானேஜர் வேலை நேரங்களை அறிவிக்க அமைத்த குழுவில் வருவது முறைசார்ந்தது; தொழிலாளர் தாமே கூடிப் பேசும் குழுவில் வருவது முறைசாராதது. கருவி ஒன்றே, வழி வேறு.

இரண்டாங்கேள்வி: தேநீர்க் கடைச் செய்தி எவ்வகை? இதுவே பாடநூல்கள் கிரேப்வைன், அதாவது திராட்சைக்கொடி என்று கூறும் முறைசாராத் தொடர்பு. இது பொய்யாகத்தான் இருக்கும் என்று எண்ணுதல் தவறு. கிராணி சொன்ன 12 என்ற எண் முற்றிலும் சரியானதே. "போகிறார்கள்" என்பதும் ஒருவகையில் உண்மைதான். எங்கே போகிறார்கள் என்பதுதான் விடுபட்டது. ஆகவே மெய்யா பொய்யா என்று பார்த்து விடை எழுதற்க. பதவி வழியே வந்ததா, பழக்கத்தின் வழியே வந்ததா என்று பாருங்கள்.

கொடி எவ்வாறு படர்ந்தது என்றும் கேட்பதுண்டு. அமெரிக்க அறிஞர் கீத் டேவிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகைகளைக் காட்டினார். ஒருவர் ஒருவருக்கே சொல்லிச் செல்வது ஒற்றைச்சரம். ஒருவரே எல்லோர்க்கும் சொல்வது வம்புச்சரம். அகப்பட்டவரிடம் சொல்வது தற்செயற்சரம். ஒருவர் சிலரைத் தேர்ந்து சொல்ல, அவருள் ஓரிருவர் மட்டும் மீண்டும் சிலருக்குச் சொல்வது கொத்துச்சரம். மிகுதியாகக் காணப்படுவது கொத்துச்சரமே என்று அவர் கண்டார். ஓர் அதிகாரி வேலையை விட்டு விலகப்போகும் செய்தியை மற்ற அதிகாரிகளில் நூற்றுக்கு 81 பேர் அறிந்திருந்தும், அதைப் பிறர்க்குச் சொன்னவர் நூற்றுக்கு 11 பேரே. நம் கதையிலும் இருவருள் ஒருவர் வாய்மூடினார். நால்வருள் மூவர் வாய்மூடினர். எனவே விடை கொத்துச்சரம். கேட்டும் சொல்லாமல் இருந்தவரைக் கதையில் தேடுவதே இதைக் கண்டுபிடிக்கும் வழி.

மூன்றாங்கேள்வி: தடைகள் யாவை? இங்கே ஒரே விடையை எழுதிவிட்டு நின்றுவிடுவோர் பலர். பொருள் எந்த இடத்தில் தொலைந்தது என்று தேடுங்கள். இக்கதையில் அது இரண்டு இடங்களில் தொலைந்தது. நோட்டீஸ் எல்லோர் கண்ணிலும் பட்டது. சொல்லின் பொருள்தான் போய்ச் சேரவில்லை. ஆகவே அது சொற்பொருள் தடை. போர்மனிடம் நிகழ்ந்தது வேறு. அவர்க்கு மொழி தெரியும், நிலைமையும் தெரியும். மேலிடம் விரும்புவதை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தார். இதை வடிகட்டல் என்பர். அச்சம் அதற்குக் காரணம். வடிகட்டல் செய்திக்கு நேர்ந்த கதி. வினா எதைக் கேட்கிறதென்று பார்த்து எழுதுக.

இனி, "மானேஜர் செய்திருக்க வேண்டியது யாது?" என்ற கடைசிக் கேள்வி. "வதந்தியைத் தடை செய்யவேண்டும்" என்றெழுதினால் மதிப்பெண் கிட்டாது. தேநீர்க் கடையை அடைக்க யாராலும் இயலாது. ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட நூலில், வதந்தியின் வலிமை செய்தியின் முக்கியத்துவத்தையும் தெளிவின்மையையும் பெருக்கியது போன்றது என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று இல்லையானால் வதந்தியும் இல்லை. பிழைப்புப் பற்றிய செய்தியின் முக்கியத்துவத்தை மானேஜரால் குறைக்க முடியாது. தெளிவின்மையைப் போக்க முடியும். தமிழிலும் மலாயிலும் நோட்டீஸ் ஒட்டி, எத்தனை பேர், எந்தக் கிடங்கு, எவ்வளவு சம்பளம் என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும். "விளங்கிற்றா?" என்று கேளாமல், "நீங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்லுங்கள்" என்று தொழிலாளரையே கேட்டிருந்தால், போர்மனின் வடிகட்டலும் வெளிப்பட்டிருக்கும். அந்த இருவரும் வேலையில் இருந்திருப்பர்.

பயிற்சிக்கு ஒரு வினா. மானேஜர் அதே தேநீர்க் கடையில் போர்மனைக் கண்டு, "நாளை காலை 8 மணிக்கு 3ஆம் கதவைத் திறந்து வையும்" என்கிறார். இது எவ்வகைத் தொடர்பு? முறைசாராதது என்று எழுதப் பேனாவை எடுத்தவர் முதற்கேள்வியின் விடையை மீண்டும் ஒருமுறை படிக்க. இடம் தேநீர்க் கடையாயினும், பேசியது பதவி, ஆகவே முறைசார்ந்ததே.