ஒலிப்பதிவு கேள்வி-பதில்: கடைசி வார்த்தை ஃபோனில் கேட்கிறதா?

எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தை வீடியோ எடுத்து, மேடை மிக்ஸரிலிருந்தே ஒலியை வாங்கினேன். இயர்போனில் பேச்சு கேட்கிறது. அம்மாவின் பழைய ஃபோனிலோ நான் சேர்த்த டைட்டில் மியூசிக் மட்டும் வருகிறது, பேச்சு காணவே இல்லை. ஃபோன் பழுதா?
— வாசகர், திருமங்கலம்

ஃபோனில் பழுது இல்லை. கோளாறு கேபிளில் தொடங்கியிருக்கிறது.

மேடை மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் ஓடும். ஒன்றில் அலை மேலே போகும்போது மற்றொன்றில் கீழே போகும். நீளமான கேபிளில் ஏறும் இரைச்சலைக் கழிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதைச் சாதாரண ஸ்டீரியோ கேபிளால் கேமராவில் செருகினால், ஒரு கம்பி இடது சேனலாகவும் தலைகீழான மற்றொன்று வலது சேனலாகவும் பதிவாகிவிடும். இயர்போனில் இரண்டு காதும் தனித்தனியாகக் கேட்பதால் பேச்சு தப்பிக்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் ஃபோன் இரண்டு சேனலையும் கூட்டுகிறது. ஐந்தோடு கழித்தல் ஐந்தைக் கூட்டினால் பூஜ்யம். நீங்கள் சேர்த்த இசை இரு பக்கமும் நேராக இருப்பதால் அது மட்டும் பிழைத்தது.

இயர்போனிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சரியான குரல் தலையின் நடுவில் நிற்கும். இந்தக் குரல் எங்கே நிற்கிறது என்று சொல்லமுடியாமல், காதுக்கு வெளியே அழுத்துவது போலிருக்கும். டைம்லைனைப் பெரிதாக்கி அலையைப் பாருங்கள்: இடதில் மேடு இருக்கும் இடத்தில் வலதில் பள்ளம் தெரியும்.

பதிவு வீணாகவில்லை, கவலை வேண்டாம். வலது சேனலை நீக்கிவிட்டு, இடதை மட்டும் இரு பக்கமும் வரச்செய்யுங்கள். பேச்சு முழுதாகத் திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கிவிடாதீர்கள், அப்போது எல்லாமே அழிந்துபோகும்.

மிக்ஸ் செய்ய எந்த இயர்போன் வாங்கலாம்?
— வாசகர், ஓசூர்

கையில் இருப்பதே போதும், வயர் உள்ளதாக இருக்கட்டும். ஃபோனிலும் கணினியிலும் ‘பேஸ் பூஸ்ட்’ போன்ற எல்லாவற்றையும் முதலில் அணையுங்கள்.

சமையல் வீடியோ போடுகிறேன். ஃபோன் ஸ்பீக்கரில் என் குரல் எடுபடவில்லை என்று எல்லோரும் சொன்னதால், ஈக்வலைஸரில் 4 கிலோஹெர்ட்ஸை 6 டெசிபல் கூட்டினேன். இப்போது இயர்போனில் கேட்பவர்கள் காது குத்துகிறது என்கிறார்கள். யாருக்காக மிக்ஸ் செய்வது?
— வாசகி, காரைக்குடி

இருவருக்காகவும்தான், ஒரே மிக்ஸில். நீங்கள் அனுப்பிய வீடியோவைத் திறந்து பார்த்தேன். குறை உங்கள் குரலில் இல்லை. குரலோடு மோதும் இசையை விட்டுவிட்டுக் குரலையே கூர்தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இயர்போன் நமக்கு இரண்டு சலுகைகள் தருகிறது. ஒன்று ஆழம்: குரலின் கனமும் இசையின் அடிநாதமும் தனித்தனியே கேட்கும். இன்னொன்று அகலம்: இசை இரு பக்கமும் விரிந்து, குரலுக்கு நடுவில் இடம் விடும். ஃபோன் ஸ்பீக்கர் இரண்டையும் பறித்துக்கொள்கிறது. சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலான ஃபோன்களில் பலம் வேகமாகக் குறைந்துவிடும், அகலமும் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். மிஞ்சும் குறுகிய சந்தில் உங்கள் குரலும், பின்னணி வயலினும், எண்ணெய் தாளிக்கும் சத்தமும் முட்டிக்கொள்கின்றன. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில்தான் அந்த வயலினும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த இரண்டு சலுகையும் இல்லாத நிலையிலேயே மிக்ஸைத் தொடங்கவேண்டும்.

உங்கள் வீடியோவில் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அந்த 6 டெசிபலைத் திரும்ப எடுத்தேன். மாஸ்டரை மோனோ ஆக்கி, குரல் அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்து, அறையில் மின்விசிறியை ஓடவிட்டேன். இசையை முழுவதும் அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கவனித்தேன். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை வெட்டினேன். சமையலறைச் சுவர் தந்த ‘டப்பா’ ஓசை 350 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது, அங்கே 3 டெசிபல் குறைத்தேன். அப்போதே குரல் தெளிந்துவிட்டது, எதையும் கூட்டவில்லை.

அடுத்தது, ஆண்டுக்கணக்காக நான் சொல்லியும் யாரும் காதில் வாங்காத விஷயம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. ‘ஊத்தணும்’ என்பதா ‘ஊத்தக் கூடாது’ என்பதா என்று முடிவாவது அங்கேதான், நமக்கு மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அங்கேதான். உங்கள் நான்காவது நிமிடத்தில், “இந்த நேரத்தில் தண்ணி ஊத்தக் கூடாது” என்கிறீர்கள். அந்தக் ‘கூடாது’ வாக்கியத்தின் தொடக்கத்தைவிட 9 டெசிபல் தாழ்ந்திருக்கிறது. இயர்போனில் கேட்டுவிடும். ஃபோனில் ‘தண்ணி ஊத்த’ வரைதான் கேட்கும், பார்ப்பவர் ஊற்றிவிடுவார். கம்ப்ரஸரை 3:1 விகிதத்தில், உரத்த சொற்களில் 4 டெசிபல் அளவுக்கு மட்டும் இறங்கும்படி வைத்தேன். அதற்கும் எட்டாத வாக்கிய முடிவுகளை வால்யூம் கோட்டில் கையால் 3, 4 டெசிபல் உயர்த்தினேன். பத்து நிமிட வீடியோவுக்கு அரைமணி நேர வேலை. இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கம்ப்ரஸரை இன்னும் இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால், மூச்சு வாங்குவதும் மிக்ஸி இரைச்சலும் இயர்போனில் முன்னால் வந்து நிற்கும்.

பிறகுதான் இசை. பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்ததும் நிறுத்தினேன். இசை டிராக்கில் மட்டும் 2.5 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக 4 டெசிபல் குறைத்தேன். கடைசியில் இசை குரலைவிட சுமார் 18 டெசிபல் கீழே நின்றது, நீங்கள் வைத்திருந்தது 8. இது உங்கள் வீடியோவுக்கு வந்த அளவு. மிருதுவான புல்லாங்குழல் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், பாட்டு வரிகள் உள்ள இசை என்றால் பேச்சுக்கு அடியில் வைக்கவே வேண்டாம். நீங்கள் பேசாத இடங்களில் இசை அரை நொடியில் 5 டெசிபல் ஏறி, பேச்சு வருமுன் இறங்கும்படி வைத்தேன். இசை வற்றிப்போகவில்லை என்ற நிறைவு அந்த இடைவெளிகளில் கிடைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகே மோனோவை எடுத்துவிட்டு இயர்போனை மாட்டினேன். ‘ஸ’, ‘ஷ’ இன்னும் சற்றுக் குத்தின. டீ-எஸ்ஸரை 6.5 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் அளவுக்கு வைத்ததும் அடங்கின. மறுபடி ஃபோனில் போட்டுப் பார்த்தேன், ‘கூடாது’ தெளிவாகக் கேட்டது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இயர்போனில் அழகாக முடித்துவிட்டுப் பிறகு ஃபோனுக்காக ஒட்டுப்போடும்போதுதான் அந்த 6 டெசிபல் மாதிரி வைத்தியமெல்லாம் தேவைப்படுகிறது.

ஒவ்வொரு முறையும் ஃபோனுக்கு அனுப்பிக் கேட்க நேரமில்லை. கணினியிலேயே அந்த ஒலி கிடைக்குமா?
— வாசகர், பெரம்பலூர்

ஏறக்குறையக் கிடைக்கும். இது மோனோ ஆக்கி, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவாக வெட்டித் தரும்:

```
ffmpeg -i video.mp4 -vn -ac 1 -af "highpass=f=400,highpass=f=400" phone.wav
```

பேச்சு புரிகிறதா என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பீக்கர் முழு வால்யூமில் கரகரப்பதையும், ஃபோனைப் பிடித்த கை துளையை மூடுவதையும் இது காட்டாது. கடைசிக் கேட்பு நிஜ ஃபோனில்தான்.

கோயில் திருவிழா வீடியோவில் தவிலின் அடி ஃபோனில் கேட்கவில்லை. பேஸை 10 டெசிபல் கூட்டியும் பலனில்லை. நாதஸ்வரம் வேறு இப்போது விட்டுவிட்டு இறங்குகிறது.
— வாசகர், கும்பகோணம்

அந்த 10 டெசிபலை உடனே எடுங்கள். ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாத ஒலியை எத்தனை கூட்டினாலும் அது வராது. ஆனால் உங்கள் லிமிட்டர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தொப்பியில் கோல் விழும் ஒவ்வொரு முறையும் அது மொத்த ஒலியையும் அமுக்குவதால்தான் நாதஸ்வரம் இறங்குகிறது.

நம் காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. 80 ஹெர்ட்ஸ் ஒலி வராவிட்டாலும், அதன் மடங்குகளான 320, 400, 480 எல்லாம் சேர்ந்து கேட்டால், அடியில் 80 இருப்பதாகவே உணரும். எனவே தவிலுக்குத் தனி மைக் இருந்தால் அந்த டிராக்குக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் சாச்சுரேஷன் போட்டு லேசாகக் கரகரக்க விடுங்கள், மேல் மடங்குகள் பிறக்கும். பிறகு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அசலோடு மெல்லக் கலந்துவிடுங்கள். ஃபோனில் அடி விழுவது தெரியும். இயர்போனில் அசலின் கனம் அப்படியே இருக்கும். நகல் தனியாகக் காதில் பட்டால் கூடிவிட்டது என்று பொருள்.

கேமரா மைக் ஒன்றில்தான் எல்லாம் பதிவானது என்றால் இதைச் செய்யாதீர்கள், நாதஸ்வரமும் சேர்ந்து கரகரக்கும். அடுத்த திருவிழாவுக்குத் தவில் பக்கத்தில் ஒரு மைக் வையுங்கள்.

யூடியூபுக்கு −14 LUFS வைத்தால் எல்லா ஃபோனிலும் சரியாகக் கேட்குமா?
— வாசகர், கோவை

கேட்காது. அது மொத்தச் சத்தத்தின் அளவு, எந்தப் பகுதியில் சத்தம் இருக்கிறது என்று சொல்லாது. ஒரே −14 உள்ள இரண்டு வீடியோவில் ஒன்றின் பலம் பேஸில் இருந்தால், ஃபோனில் அது தாழ்ந்தே கேட்கும். மிக்ஸை முடித்த பிறகு −14 பக்கம் கொண்டுவாருங்கள், உச்சம் −1 dBTP தாண்டவேண்டாம். ஏற்றிய பின் கணினியில் வீடியோமேல் வலது கிளிக் செய்து Stats for nerds திறந்தால் `content loudness` என்று ஓர் எண் இருக்கும். அது கூட்டலில் இருந்தால் அவ்வளவு டெசிபலை யூடியூப் குறைத்திருக்கிறது. கழித்தலில் இருந்தால் அது பொதுவாக ஏற்றித் தராது, நீங்கள்தான் ஏற்றவேண்டும்.

இரண்டு காலர் மைக் வைத்துப் பேட்டி எடுத்தேன். இயர்போனில் தாத்தா இடது காதிலும் நான் வலது காதிலும் பேசுகிறோம். ஃபோனில் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

விடாதீர்கள். நிஜத்தில் யாரும் ஒற்றைக் காதுக்குள் மட்டும் வந்து பேசுவதில்லை. ஐந்து நிமிடத்தில் சலிப்புத் தட்டும். ஒரு பக்க இயர்போன் கெட்டுப்போனவருக்குத் தாத்தாவே கிடைக்கமாட்டார். ரிசீவர் ஸ்டீரியோ முறையில் இருந்திருக்கிறது. அது நல்லதுதான், இரண்டு குரலும் தனித்தனியாகக் கிடைத்திருக்கின்றன. இரண்டு சேனலையும் தனி டிராக்குகளாகப் பிரித்து, இரண்டையும் நடுவில் வையுங்கள். தாத்தா பேசும்போது உங்கள் மைக்கை 10 டெசிபல் தாழ்த்துங்கள், இல்லாவிட்டால் அவர் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். ‘ம்’ கொட்டுவதை மட்டும் வெட்டிவிடாதீர்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிவதால்தான் அவர் தொடர்ந்து பேசுகிறார்.