தோஹா வானிலை அறிக்கையைத் தமிழாக்குறீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க!

தோஹாவுக்குப் பயணம் வருகிறவர்களுக்காக அரபி வானிலை அறிக்கையைத் தமிழாக்கி அனுப்புகிற தம்பி, தங்கைகளே, கொஞ்சம் நில்லுங்க. நீங்க எழுதுவதைப் பார்த்துத்தான் ஒருத்தர் வெயிலில் இறங்கலாமா, படகில் ஏறலாமா, காரை எடுக்கலாமா என்று முடிவு பண்ணுகிறார். வார்த்தைக்கு வார்த்தை மாற்றி வைத்தால் போதாது. வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க.

1. முதலில் எண்களைச் சரி பாருங்க

அரபி எழுத்து வலமிருந்து இடம். ஆனால் ஒரு எண்ணுக்குள் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் இருக்கும். சின்ன வட்டம் மாதிரி தெரிவது பூஜ்யம் இல்லை, ஐந்து. வெறும் புள்ளிதான் பூஜ்யம். இதை மாற்றிப் படித்தால் 35 டிகிரி 30 ஆகிவிடும்.

நடுவில் கோடு போட்டு எழுதிய இரண்டு எண்களை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீங்க. தமிழுக்கு வரும்போது அவை இடம் மாறிப் போகும். ‘8 முதல் 18 வரை’ என்று சின்ன எண்ணை முதலில் வைத்துக் கையால் எழுதுங்க.

2. காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்லணும்

‘ஷமாலியா கர்பியா’ என்றால் வடமேற்கிலிருந்து வீசும் காற்று. வடமேற்கு நோக்கிப் போகும் காற்று இல்லை. ‘வடமேற்குக் காற்று’ என்று எழுதினால் போதும், தமிழிலும் அதே பொருள்தான்.

பெரிய பள்ளம் இதற்கு அடுத்ததில் இருக்கு. ‘ஷமாலியா கர்பியா இலா ஷமாலியா ஷர்கியா’ என்று வரும். ‘இலா’ என்றால் ‘வரை’ என்று அகராதியைப் பார்த்து, ‘வடமேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி வீசும்’ என்று எழுதிவிடாதீங்க. காற்று வடமேற்குக்கும் வடகிழக்குக்கும் இடையே திசை மாறி மாறி வீசும் என்பதுதான் அர்த்தம்.

இன்னொன்று, வடக்குக் காற்றுதானே என்று ‘வாடை’ என்று அழகாகப் போடாதீங்க. வாடை என்றதும் நம்ம ஆள் போர்வையைத் தேடுவார். கோடையில் அங்கே வீசும் ‘ஷமால்’ புழுதியைக் கிளப்பும் சூடான, வறண்ட காற்று.

3. வேகத்தை மாற்றித்தான் கொடுக்கணும்

கத்தார் அறிக்கையில் காற்றின் வேகம் ‘உக்தா’வில், அதாவது நாட் கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நேரமில்லையா? இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழிச்சிடுங்க, கிட்டத்தட்ட சரியாக வரும். எல்லா நாட்டுக்கும் இதே கணக்குப் போடாதீங்க. எமிரேட்ஸ் அறிக்கையில் நேராகக் கிலோமீட்டரிலேயே இருக்கும், அதையும் பெருக்கினால் இல்லாத புயலை நீங்களே கிளப்பிவிடுவீங்க.

‘ஹப்பாத்’ என்பது திடீரென்று அடித்து ஓயும் வீச்சு. சராசரி வேகத்தோடு அதைக் கலக்காமல் தனியாக எழுதுங்க. ‘நஷிதா’ என்று வந்தால் ‘சுறுசுறுப்பான காற்று’ இல்லை, ‘பலமான காற்று’.

கரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு பகுதி இருக்கும். ‘ஸாஹில்’ கரை, ‘பஹ்ர்’ கடல். ஊருக்குள் சுற்றுகிறவருக்குக் கடல் காற்றின் வேகத்தைக் கொடுத்துப் பயமுறுத்தாதீங்க. படகில் போகிறவருக்குக் கரைக் கணக்கைக் கொடுப்பது அதைவிட மோசம்.

4. ‘ரத்ப்’ என்றால் மழை இல்லை

‘ரத்ப் லைலன்’ என்று பார்த்ததும் ‘இரவில் ஈரமாக இருக்கும்’ என்று எழுதுகிறீங்க. படிக்கிறவர் குடையை எடுத்து வைக்கிறார்! ‘இரவில் புழுக்கமாக இருக்கும்’ என்று எழுதுங்க. மழை என்றால் ‘மதர்’ அல்லது ‘அம்தார்’ என்று தனியாக வந்திருக்கும்.

5. உச்ச வெப்பத்தையும் உச்ச ஈரப்பதத்தையும் ஒரே வரியில் கட்டாதீங்க

‘அல்-உஸ்மா’ அதிகபட்சம், ‘அஸ்-ஸுக்ரா’ குறைந்தபட்சம். இந்த இரண்டு சொல்லும் வெப்பத்துக்கும் வரும், ஈரப்பதத்துக்கும் வரும். அதனால் மேலே ‘ஹராரா’ (வெப்பம்) என்று இருக்கா, ‘ருதூபா’ (ஈரப்பதம்) என்று இருக்கா பார்த்துட்டு எண்ணைத் தொடுங்க.

‘நாளை 43 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்’ என்று சேர்த்து எழுதுவது பெரிய தப்பு. ஒரே அளவு நீராவி காற்றில் இருந்தாலும், காற்று சூடாகச் சூடாக ஈரப்பதச் சதவீதம் குறையும். அதனால் அது பெரும்பாலும் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், மதியம் இறங்கிவிடும். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று, நீராவி துளியாக மாறத் தொடங்கும் பனிநிலையே 35 டிகிரியைத் தொட்டது. உலகிலேயே மிக அதிகமாகச் சொல்லப்படும் அளவு அது. அப்போது வெப்பம் 42 டிகிரி. கணக்குப் பார்த்தால் அன்றைக்கே ஈரப்பதம் 70 சதவீதத்தை எட்டவில்லை. அதனால் நீங்க எழுதியதில் 43-ம் 80-ம் ஒரே நேரத்துக்கு வந்திருந்தால் தப்பு உங்க வரியில்தான்.

அறிக்கையில் இருப்பது நிழலில் அளந்த வெப்பம். ‘அல்-மஹ்ஸூஸா’ என்று இன்னொரு எண் இருந்தால், அது உடம்புக்குத் தோன்றும் வெப்பம். இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கொடுங்க.

6. ஒன்றைச் செய்து பார்ப்போம்

ஒரு மாதிரி அறிக்கை இப்படி இருக்குன்னு வச்சுக்கோங்க: பகலில் சூடு, சில இடங்களில் ‘குபார்’ (புழுதி), இரவில் ‘ரத்ப்’. கரையில் வடமேற்குக் காற்று 8 முதல் 18 உக்தா, ஹப்பாத் 28 வரை. பார்வைத் தூரம் 4 முதல் 8 கிலோமீட்டர், சில இடங்களில் 2-க்கும் கீழே போகலாம். வெப்பம் அதிகபட்சம் 43, குறைந்தபட்சம் 31. ஈரப்பதம் அதிகபட்சம் 80.

அதைப் பயணிக்கு இப்படிக் கொடுங்க:

- பகல்: கடும் வெயில், நிழலிலேயே 43 டிகிரி வரை. வடமேற்குக் காற்று மணிக்கு 15 முதல் 33 கிலோமீட்டர், இடையிடையே 52 வரை வீசி அடிக்கும்.
- சாலை: சில இடங்களில் புழுதி. எதிரே 2 கிலோமீட்டர்கூடத் தெரியாமல் போகலாம்.
- இரவு, விடியற்காலை: 31 டிகிரி வரை இறங்கும். ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறும், புழுக்கம் இருக்கும்.

பார்த்தீங்களா? அரபி வரிசையை விட்டுட்டு, நேர வரிசையில் அடுக்கினால் போதும், படிக்கிறவருக்கு நாள் முழுக்கத் தெளிவாகத் தெரியும். ‘சில இடங்களில்’, ‘-லாம்’ என்பதையெல்லாம் விடாமல் வச்சிருக்கேன், கவனிச்சுக்கோங்க. சுருக்குறேன் என்று அவற்றை வெட்டினால், இருக்கலாம் என்பது நடக்கும் என்று ஆகிவிடும்.

7. நேரத்தை விடாதீங்க

அறிக்கை ‘மாலை ஆறு வரை’ என்றால் அது தோஹா நேரம், நம்ம ஊரில் அப்போது இரவு எட்டரை. சென்னையில் விமானம் ஏறப் போகிறவருக்கு இதைச் சொல்லலைன்னா, காலாவதியான அறிக்கையை நம்பி இறங்குவார். எந்த நாள், எந்த மணி வரை, தோஹா நேரம் என்று முதல் வரியிலேயே போட்டுட்டுத்தான் மற்றதை எழுதணும், சரியா?