பெயரை எங்கே வைப்பது?

எங்கள் வடலூர்ப் பையன்கள் கேமரா வாங்கிய மறுவாரமே லோகோ செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். லென்ஸ் இதழ்கள் வட்டமாக விரிய, நடுவில் பெயரின் முதல் எழுத்து, கீழே வளைந்த ஆங்கிலக் கையெழுத்தில் ‘ஃபோட்டோகிராஃபி’. இந்த வடிவத்தை இதுவரை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. போன மாதம் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவன் பெருமாள் ஏரியில் எடுத்த நாரைப் படத்தைக் காட்டினான். விடியற்காலை, மூடுபனி, ஒற்றைக் காலில் நாரை. அதன் வயிற்றுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, இவன் பெயர் ஆறு முறை.

“ஏன்டா இப்படி?”

“அப்பாதான் சார் சொன்னாரு. பேரைப் பெருசா போடு, இல்லன்னா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு.”

அப்பா சொல்வதில் பாதி நியாயம். தூக்கிக்கொண்டு போகத்தான் செய்கிறார்கள். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தில் உரிமையைச் சொல்ல இருக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஓரத்தில் சிறிதாகப் பெயர் போடலாம். சித்திர லோகோ வைக்கலாம். படம் முழுவதும் மங்கலாக எழுத்தைப் பரப்பலாம். கோப்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் பெயரையும் உரிமைக் குறிப்பையும் பதியலாம். கடைசி வழியைத் தவறாமல் செய்யுங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் மட்டும் தங்கும். ஆகவே போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

அதில் படம் முழுக்கப் பரப்பும் வழிக்குத்தான் இன்று மவுசு அதிகம். படம் விற்கும் பெரிய நிறுவனங்கள் அப்படிப் போடுவதைப் பார்த்து இவர்களும் போடுகிறார்கள். அந்த நிறுவனங்கள் காட்டுவது சாம்பிள். பணம் கட்டினால் சுத்தமான படம் கிடைக்கும். உங்கள் படத்துக்குச் சுத்தமான பிரதி வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஊர் பார்க்கப்போவது இந்த ஒன்றைத்தான். அதைச் சிதைத்துவிட்டால் நாரையும் போயிற்று, பெயரும் போயிற்று.

சிதைத்தாவது காப்பாற்ற முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. மங்கலான எழுத்து என்பது அடியில் இருக்கும் படத்தோடு கலந்த சாயம். ஒரு புள்ளியின் வெளிச்சம் 100 என்று வையுங்கள். வெள்ளை என்பது 255. 45 சதவீத வெள்ளையை அதன்மேல் பூசினால் 255-இல் 45 பங்கும் 100-இல் 55 பங்கும் சேர்ந்து 170 ஆகிறது. பூசியது எவ்வளவு என்று தெரிந்தவன் கணக்கைத் திருப்பிப் போட்டால் பழைய 100 அப்படியே கிடைத்துவிடும். படம் மறைந்துபோகவில்லை, திரைக்குப் பின்னால் நிற்கிறது. வடலூர்க்காரர்களுக்குத் திரையை விலக்கினால் என்ன தெரியும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பூசியது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஒரே வாட்டர்மார்க்கை நூறு படங்களில் போட்டால், நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மாறி மாறி வரும் படங்கள் கரைந்துபோய், மாறாத எழுத்து மட்டும் துலங்கும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் நால்வர் இதைத்தான் செய்து காட்டினார்கள். டாலி டெக்கல் முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வில், படம் விற்கும் தளங்களின் வாட்டர்மார்க்குகளை ஆள் தொடாமலே கணினி நீக்கியது. எழுத்தின் இடத்தை மாற்றினாலும் அடர்த்தியை மாற்றினாலும் பெரிதாகப் பயனில்லை. எழுத்தின் வடிவத்தையே படத்துக்குப் படம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளித்தால்தான் நீக்கிய இடத்தில் தடம் மிஞ்சும் என்பதும் அவர்கள் கண்டது. ஆறு முறை பெயர் போடும் நம் பையன் எழுத்தை நெளிப்பதில்லை. ஒரே பிஎன்ஜி கோப்பை எல்லாப் படத்திலும் ஒட்டுகிறான்.

சிறிய பெயரையும் இதே கணக்கில் அழிக்கலாமே என்று கேட்பீர்கள். அழிக்கலாம், ஒரு பொருளைத் தொட்டால் அழித்துத்தரும் வசதி இன்று போனிலேயே இருக்கிறது. திட்டம் போட்டுத் திருடுகிறவனைத் தடுக்கும் வாட்டர்மார்க் எதுவும் எனக்குத் தெரியாது. நம் ஊரில் படத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த ரகமும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே பிளெக்ஸ் கடைக்குத் தள்ளிவிடுகிறவர், காலை வணக்கப் படம் செய்கிறவர், யூடியூப் சேனலுக்கு முகப்புப் படம் தேடுகிறவர். இவர்கள் அழிப்பதில்லை, வெட்டுகிறார்கள். வெட்டுக்குத் தப்பும் பெயரே நமக்கு வேண்டியது.

இதை நான் காசு கொடுக்காமல் கற்கவில்லை. ஒரு தைப்பூசத்துக்குச் சத்திய ஞான சபை மைதானத்தில் நான் எடுத்த கூட்டத்தின் படம், அடுத்த வருடம் ஒரு வரவேற்பு பிளெக்ஸில் பத்தடி உயரத்தில் நின்றது. வலது கீழ் மூலையில் நான் போட்ட பெயர் இல்லை. யாரும் அதை அழிக்கவில்லை. படத்தைச் சதுரமாக வெட்டியபோது தானாகப் போய்விட்டது. மூலையில் வைத்தது என் தப்பு.

அதே படத்தை இப்போது எப்படி வெளியிடுவேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கேமராவில் அது 6000-க்கு 4000 பிக்சல். வெளியே விடுவது நீளப்பக்கம் 1600, அதாவது 1600-க்கு 1067. முழுக் கோப்பு யாருக்கும் போவதில்லை. வாட்டர்மார்க்கைவிட உறுதியான பூட்டு இதுதான்: நல்ல அச்சுக்கு இதில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

இதை நடுவில் சதுரமாக வெட்டினால் இரு பக்கமும் 266 பிக்சல் போகும். இன்ஸ்டாகிராமின் நான்குக்கு ஐந்து என்ற நெட்டை வடிவத்துக்கு வெட்டினால் 373 போகும். ஆகவே என் பெயரின் வலது முனை ஓரத்திலிருந்து 400 பிக்சல் உள்ளே நிற்கும். பார்ப்பவருக்கு அது படத்தின் அடிப்பகுதி, வலப்பக்கம். பக்கங்களை வெட்டுகிறவருக்கு, கூட்டத்தை வெட்டாமல் என் பெயரை வெட்ட முடியாது. நடுவை விட்டு ஓரமாக வெட்டினால் தப்பலாம்தான். ஆனால் சபை மண்டபமும் கூட்டமும் நடுவில் இருக்கும்போது யார் ஓரத்தை வெட்டுவார்கள்?

அடுத்தது, பெயர் எதன்மேல் உட்கார்கிறது என்பது. வானம் காலியாக இருக்கிறதே என்று அங்கே வைக்காதீர்கள். ஒரே நீலத்தில் இருக்கும் எழுத்தை விரலால் ஒரு தேய்ப்பில் எடுத்துவிடலாம். தலைகள், மணல், இலை, நாணல் என்று நுணுக்கம் உள்ள இடத்தில் வைத்தால், அழித்த இடம் குழைந்துபோய்க் காட்டிக்கொடுக்கும். ஆனால் வடலூர்க் கூட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சன்மார்க்கத்தார் எல்லோரும் வெள்ளுடை. வெள்ளை எழுத்து வெள்ளை வேட்டிமேல் காணாமல் போகும். அதனால் எழுத்தைச் சுற்றி ஒரு பிக்சல், இரண்டு பிக்சலுக்குக் கரும் விளிம்பு வைத்துத்தான் பிஎன்ஜி செய்கிறேன். சிவப்பு, ஆரஞ்சு எழுத்து வேண்டாம். ஜேபெக் கோப்பு வெளிச்சத்தைக் காப்பாற்றும் அளவுக்கு நிறத்தைக் காப்பாற்றாது; இரண்டு பேர் கைமாறியதும் சிவப்பு ஓரம் கசிந்து அழுக்காகிவிடும்.

எழுத்தின் உயரம் 48 பிக்சல். அகலம் 6.5 சென்டிமீட்டர் உள்ள போனில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகத் தெரியும். இவ்வளவு வேண்டுமா என்றால், தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு வேண்டும். மேலே கொக்கி, கீழே சுழி என்று நம் எழுத்து உயரத்தைத் தின்றுவிடும். நடு உடல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். மெல்லிய எழுத்துரு எடுத்தால் முதலில் சாவது புள்ளி. இரண்டு முறை வாட்ஸ்அப்பில் போய்வந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். என்னிடம் வரும் பையன்களிடம் நான் சொல்லும் சோதனை இதுதான்: படத்தை நண்பனுக்கு அனுப்பி, அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லி, உங்கள் புள்ளிகளை எண்ணுங்கள்.

கணினியில் இமேஜ்மேஜிக் பதிப்பு 7 இருந்தால், இத்தனையும் ஒரே கட்டளை:

```
magick padam.jpg -auto-orient -resize 1600x1600 \
  \( peyar.png -resize x48 -channel A \
     -evaluate multiply 0.45 +channel \) \
  -gravity southeast -geometry +400+48 \
  -composite -quality 85 veli.jpg
```

இதில் 0.45 என்பது அடர்த்தி, 400 வலது ஓரத்திலிருந்து தூரம், 48 அடியிலிருந்து தூரம். பெயரைக் கட்டளையிலேயே தட்டாமல் பிஎன்ஜியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சில கணினிகளில் இந்த மென்பொருள் தமிழைக் கோக்கத் தெரியாமல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடும். நெட்டுக்குத்தான படத்துக்கு இந்த 400 பொருந்தாது. அங்கே வெட்டு விழுவது மேலும் கீழும்; ஆகவே அடியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி லோகோவா பெயரா என்ற கேள்வி. எனக்குப் பெயர்மேல்தான் சாய்வு, மறைக்கவில்லை. ஆனால் சட்டமும் என் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையைச் சொல்லும் தகவலை அனுமதியின்றி, தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்தத் தகவல் என்று சட்டம் சொல்வதில் படைத்தவர் பெயரும் உரிமையாளர் பெயரும் வருகின்றன. லென்ஸ் இதழ் வட்டத்தைப் பார்த்து யாருடையது என்று எந்த வக்கீல் சொல்வார்? பெயரும் ஊரும் தெளிவாக இருந்தால், கேட்டுப் பயன்படுத்த நினைக்கும் நல்லவரும் உங்களைத் தேடி வர வழி இருக்கும்.

கல்யாணம் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே என்கிறது அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு. மணமக்கள் முகத்தருகே உங்கள் லோகோவை வைத்துவிட்டு அதை உரிமை என்று நினைக்க வேண்டாம். அது விளம்பரம்; அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆக, பறவை, ஏரி எடுப்பவர்கள் பெயரைக் கரையோர நாணல்மேல் வையுங்கள், தண்ணீர்மேல் வேண்டாம். திருவிழா எடுப்பவர்கள் கூட்டத்துக்குள், கரும் விளிம்போடு. கல்யாணம் எடுப்பவர்கள் ஆல்பத்தின் கடைசித் தாளில். படம் முழுக்கப் பரப்புவது யாருக்கும் வேண்டாம்.

முதல் இருபது படத்துக்குக் கட்டளையை ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே வெட்டுவார்கள், எது இல்லாவிட்டால் இந்தப் படம் படமே இல்லை என்று பார்த்துப் பெயரைக் கையால் நகர்த்துங்கள். சிலருக்கு இது ஐந்தாவது படத்திலேயே கைவந்துவிடுகிறது, சிலருக்கு ஐம்பது ஆகிறது. எனக்கு ஒரு பிளெக்ஸ் ஆனது. நாரைப் பையன் போன வாரம் புதிய பிரதி அனுப்பினான். பெயர் ஒன்றுதான், நாணல் வேர்களுக்கு நடுவில். அப்பா பார்த்துவிட்டு, “பேரு எங்கடா?” என்று கேட்டாராம். இவன் விரல் வைத்துக் காட்டினானாம். அதற்குள் அவர் நாரையை முழுசாகப் பார்த்து முடித்திருப்பார்.